கிண்ணத்தில் கரைந்த தங்கம்

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு நண்பகல். வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். தோள்பையுடன் வந்த இளைஞர் இருவர், "அம்மா, இலவசமாகப் பாலிஷ் போட்டுக் காட்டுகிறோம்" என்றனர். கறுத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கை அவர்கள் தேய்த்ததும் அது பளபளத்தது. பாட்டிக்கு நம்பிக்கை பிறந்தது. தம் ஐந்து பவுன் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்.

ஒருவன் அதைக் கிண்ணத்திலிருந்த திரவத்தில் கால் மணி நேரம் ஊற வைத்தான். பிறகு மஞ்சள் நீரில் அலசி, தாளில் பொதிந்து, "அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்" என்றான். கிண்ணத்துத் திரவத்தை மறக்காமல் புட்டியில் ஊற்றி எடுத்துச் சென்றான்.

சங்கிலி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால், நகைக்கடைத் தராசு உண்மையைச் சொன்னது. 40 கிராம் சங்கிலி 36 கிராமாகக் குறைந்திருந்தது.

அந்தத் திரவத்தின் பெயர் இராஜ திராவகம். அது ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை. தனித்தனியே இவை தங்கத்தைக் கரைப்பதில்லை, சேர்ந்தால் கரைத்துவிடும். நகையின் மேற்பரப்பு எங்கும் சிறிது சிறிதாகக் கரைவதால் வடிவம் மாறுவதில்லை. எனவே, இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, எடையில்தான் தெரியும். கரைந்த தங்கத்தை வேறு வேதிப்பொருள் சேர்த்துப் பழுப்பு நிறப் பொடியாகப் பிரித்தெடுக்கலாம். அரைப் பவுன் தங்கம் அந்தப் புட்டியிலேயே வெளியேறிவிட்டது.

நகையில் படிந்த அழுக்கை நீக்க, வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையுமே பாட்டிக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.