தமக்கைக்கு ஒரு மடல்

மேடையில் கடிதம் ஓர் ஊமைப் பொருள். எழுதியவர் அங்கில்லை. பெற்றவரோ அதை மனத்துக்குள் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். அரங்கில் அமர்ந்திருப்போருக்கு ஒரு தாள் தெரியுமேயன்றி அதிலுள்ள செய்தி தெரியாது.

இச்சிக்கலுக்கு 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் ஒரு வழி கண்டார். அவருடைய நாடகம் ஒன்றில், தொலைநாட்டில் சிக்கிய இஃபிஜீனியா தன் தம்பி ஒரெஸ்டிசுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறாள். கப்பல் கவிழ்ந்து கடிதம் அழிந்தாலும் செய்தி சேர வேண்டும் என்று எண்ணி, கொண்டுசெல்பவனிடம் அதை வாய்விட்டுச் சொல்கிறாள். அருகில் நிற்கும் அயலானே அந்தத் தம்பி என்பதை அவள் அறியாள். இறந்துவிட்டதாக நினைத்திருந்த தமக்கை உயிரோடிருப்பதை அவன் அந்தக் கணத்தில் அறிகிறான். நிகழ்ச்சிப் போக்கிலிருந்தே இயல்பாக எழுந்த திருப்பம் என்று அரிஸ்டாட்டில் இதனைப் பாராட்டினார்.

அங்கே தமக்கை எழுதினாள். தவறு என்று எதுவும் இல்லை. தவறிழைத்த தம்பி எழுதும் கடிதம் இன்னும் கடினமானது. தமிழ்நாட்டுக் குடும்ப நாடகம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் அது விளங்கும்.

தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள் அக்கா. தந்தை தம் உழைப்பில் வாங்கிய நான்கு ஏக்கர் நஞ்சையை விட்டு, உயில் எழுதாமல் இறக்கிறார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் அதில் சமபங்கு. தம்பியோ, வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறான். அவள் கையெழுத்திட்டது விடுதலைப் பத்திரம். தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக அது சொல்கிறது. உண்மை தெரிந்த நாள்முதல் பேச்சு நின்றுபோகிறது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அவள் மகளுக்குத் திருமணம் கூடுகிறது. அழைப்பிதழின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அப்போது கடிதம் வருகிறது.

எழுதப் பழகும் நாடகாசிரியர் முதலில் இப்படித்தான் எழுதுவார்: “அன்புள்ள அக்கா, ஏதோ போதாத காலம், சில தவறுகள் நடந்துவிட்டன. உன் மனம் புண்பட்டிருந்தால் என்னை மன்னித்துவிடு. இரத்த பாசம் விட்டுப்போகுமா?”

கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதில் எவரும் எதையும் செய்யவில்லை என்பதை இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது. ‘தவறுகள் நடந்துவிட்டன’ என்னும் தொடரில் எழுவாய் ‘தவறுகள்’. அவை தாமாக நடந்தன போலும்! ‘புண்பட்டிருந்தால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ நிகழ்ந்த ஒன்றை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. ‘மன்னித்துவிடு’ என்பது ஏவல். செய்ய வேண்டிய வேலை அவள் தலையில் ஏறுகிறது. ‘ஏன்’ என்னும் தன்மை ஒருமை விகுதி பெற்ற ஒரு வினைமுற்றுகூட இக்கடிதத்தில் இல்லை. இதைக் கேட்டு அக்கா அழுதால் அது நடிகையின் திறமை. கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

திருத்தி எழுதிய கடிதம் வேறு வகையாக இருக்கும்:

“அக்காவுக்கு, அப்பா இறந்த நாற்பதாம் நாள் உன்னைப் பத்திரப் பதிவுக்கு அழைத்துச் சென்றேன். வங்கிக் கடனுக்கு என்று சொன்னேன். அது பொய். படித்துப் பார்க்கிறேன் என்று நீ கேட்டாய், நேரமாகிறது என்றேன். பென்சிலால் நான் பெருக்கல் குறி இட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டாய். என் கையைப் பிடித்து ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ. என்னைச் சந்தேகிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் செய்தேன். ஊரார் கேட்டபோது நீயே விரும்பி எழுதிக் கொடுத்ததாகச் சொன்னேன். கிணற்றை ஒட்டிய இரண்டு ஏக்கரை உன் பெயருக்கு எழுத வரைவு எழுதி, நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் படி. வேறொருவரிடமும் காட்டிக் கேள். திருமணத்துக்கு அழைப்பாய் என்று இதை எழுதவில்லை. அழைக்காவிட்டாலும் நிலம் உன்னுடையது. தம்பி.”

சென்றேன், சொன்னேன், செய்தேன் என்று வினைமுற்றுகள் செய்தவனைச் சுட்டுகின்றன. ‘மன்னிப்பு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கிணற்றை ஒட்டிய பகுதியைத் தருகிறான் என்பதும் சிறிய செய்தி அன்று. நீர் உள்ள பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மேட்டைத் தந்திருந்தால், வேளாண் குடும்பத்தில் எவரும் அக்கடிதத்தை நம்பமாட்டார்.

பதிவான பழைய பத்திரத்தை அவன் தன் விருப்பத்துக்குக் கிழித்தெறிந்துவிட முடியாது. எனவே தான செட்டில்மெண்டுப் பத்திரம் எழுத முன்வருகிறான். கொடுப்பவர் எழுதினால் மட்டும் தானம் நிறைவேறாது. அவர் வாழ்நாளுக்குள் பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். நாடகாசிரியருக்கு இது பெரும்பேறு. பதினோரு ஆண்டுகளாகத் தம்பி செய்ததைத் தாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவள் இப்போது முடிவெடுக்கும் இடத்துக்கு வருகிறாள். திருப்பம் என்பது அவன் எழுதியதில் பாதிதான். மறுபாதி அவள் கையில் இருக்கிறது.

கடிதம் வரும் நாளும் அளந்து வைக்கப்பட வேண்டியது. முதற்காட்சியிலேயே வந்தால் பிரிவின் வலியைப் பார்வையாளர் உணர்ந்திருக்க மாட்டார். முகூர்த்தத்துக்கு முந்திய இரவில் வந்தால், பந்தலில் கூடியிருக்கும் உறவினரின் நெருக்குதலே அவளை இணங்க வைத்துவிடும். மெய்ப்பு வந்த நாளில் மறுக்கவும் அவளுக்கு நேரம் இருக்கிறது.

இனி, அதைப் படிப்பவர் யார்? அக்காவின் மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்படவில்லை. மகள் வாய்விட்டுப் படிக்கிறாள். மாமன் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. கடிதத்தைப் படித்துக்கொண்டே அவள் அதை அறிகிறாள். ‘பெருக்கல் குறி’ என்ற இடத்தில் அவள் குரல் நிற்கிறது. “படி” என்கிறாள் தாய். பலர் மறந்துவிடும் இன்னொருவர் அத்தான். மனைவிக்காகப் பதினோரு ஆண்டுகள் சினத்தைச் சுமந்தவர் அவர். கடிதம் அந்தச் சினத்துக்கு வேலையில்லாமல் செய்துவிடுகிறது. ஆகவே முதலில் எதிர்ப்பவர் அவராகவே இருப்பார்: “நிலத்தைக் காட்டிப் பந்தலில் இடம் கேட்கிறான்.” அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதை மறுக்கும் வரியைக் கடிதத்தின் இறுதியில் கேட்ட பின்னும் அவர் நம்பாமலிருக்கலாம்.

அக்கா எதுவும் சொல்வதில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து அணிகிறாள். பத்திர நகலை விளக்கருகே கொண்டுசென்று முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறாள். அச்சகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று மகள் கேட்கிறாள்.

“மெய்ப்பை நாளைக்குத் தருகிறோம் என்று சொல்.”

திரை விழுகிறது.