நான் போட்ட வெள்ளைக் கோடு

கரும்பலகையின் அடியில் ஒரு வளைவு போடுவேன். அது பூமி. மேல் மூலையில் சூரியன். மஞ்சள் சாக்பீஸில் சூரியனிலிருந்து தரைக்கு ஓர் அம்பு. இரண்டுக்கும் நடுவே வெள்ளையில் இன்னொரு வளைகோடு போட்டு, அதன்மேல் ‘பசுமை இல்ல வாயுக்கள்’ என்று எழுதுவேன். பிறகு சிவப்பு அம்பு. அது தரையில் பட்டு எழும்பி, அந்த வெள்ளைக் கோட்டில் முட்டி, சுவரில் அடித்த பந்துபோலத் தரைக்கே திரும்பி வரும். 19 ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் படம் தவறு என்று தொடக்கத்தில் எனக்குத் தெரியாது. அதற்காக நான் வருந்தவில்லை. தெரிந்த பிறகும் ஆறு வருடம் அதையே போட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

எனக்குத் தெரியவைத்தது ஒரு மாணவி. அரையாண்டுத் தேர்வில் அவள் வரைந்த படத்தில் வெள்ளைக் கோடு இல்லை. தரையிலிருந்து மேலே வரை காற்று முழுவதும் புள்ளி புள்ளியாக வைத்து, சில புள்ளிகளிலிருந்து எல்லாத் திசையிலும் குட்டிக் குட்டி அம்புகள் போட்டிருந்தாள். ‘வெப்பத்தை உள்வாங்கி எல்லாப் பக்கமும் வெளியிடும்’ என்று கீழே எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் இருந்த படம் இது இல்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று எழுந்து கேட்டாள். “சார், நீங்க போட்ட கோடு வெப்பத்தை எல்லாம் திருப்பி அனுப்புதுன்னா, ஏற்கெனவே முழுசா அடைச்சாச்சு. இன்னும் கொஞ்சம் வாயு சேர்ந்தா என்ன சார் கூடப் போகுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “பாடத்தில் உள்ளதைப் படி, உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோடை விடுமுறையில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். என் படத்தின் முதல் பிழை சிவப்பு அம்பிலேயே இருந்தது. தரையில் பட்ட வெயில் வெப்பமாக எதிரொளிப்பதில்லை. மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டு எதிரொளிக்கும் வெயில் ஒளியாகவே விண்வெளிக்குப் போய்விடும், எதையும் சூடாக்காது. சதுர மீட்டருக்குச் சராசரியாக 340 வாட் வெயில் பூமிக்கு வருகிறது என்றால், ஏறக்குறைய 100 வாட் இப்படித் திரும்பிப் போகிறது. மீதி 240 வாட்டைத் தரையும் காற்றும் உறிஞ்சிக்கொள்கின்றன. அப்படிச் சூடான தரை தானாக வெளிவிடுவதுதான் அகச்சிவப்புக் கதிர். திண்ணைச் சுவர் பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அனல் வீசுமே, அதுபோல. எதிரொளிப்பது வேறு, உறிஞ்சி வெளியிடுவது வேறு. இரண்டையும் நான் ஒரே அம்பில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது பிழை அந்த வெள்ளைக் கோடு. கார்பன் டை ஆக்சைடு வானத்தில் ஓர் இடத்தில் தகடுபோல நிற்பதில்லை, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே கலந்திருக்கிறது. 10 லட்சம் காற்று மூலக்கூறுகளில் 420-க்குச் சற்று மேல் அதன் பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 ஆக இருந்தது. தரையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அந்த மூலக்கூறு விழுங்கினால், பெரும்பாலும் அதை அப்படியே திருப்பித் துப்புவதில்லை. தரைமட்டக் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அந்த மோதல்களில் தான் வாங்கியதை நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் கொடுத்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்று சூடாகிறது. அதே மோதல்களால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மறுபடி தூண்டப்பட்டு, அந்த இடத்துக் காற்றின் வெப்பநிலைக்கு ஏற்ற அளவில் எல்லாத் திசையிலும் கதிர்வீசுகின்றன. சூடான காற்று நிறைய வீசும், குளிர்ந்த காற்று குறைவாக வீசும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

வானம் கதிர்வீசுகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். மார்கழியில் வானம் தெளிந்திருக்கும் இரவில் புல்லெல்லாம் பனி. மேகம் மூடியிருக்கும் இரவில் பனி விழுவதில்லை, புழுக்கமாகவும் இருக்கும். மேகம் தரையை நோக்கி அனுப்பும் கதிர் தரையைக் குளிரவிடாமல் பிடித்து வைக்கிறது. மேகத்தாலும் நீராவியாலும் மற்ற வாயுக்களாலும் தரைக்கு இறங்கி வருவது, உலகச் சராசரியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 வாட். வெயிலிலிருந்து தரை நேரடியாக உறிஞ்சுவது 160 வாட்தான். சூரியன் தருவதைப்போல இரு மடங்கை வானம் தருகிறது! என் படத்தில் மஞ்சள் அம்பு தடித்தும், திரும்பி வரும் சிவப்பு அம்பு மெலிந்தும் இருந்தன.

இனி அவள் கேட்டதற்கு வருகிறேன். அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 1900-இல் ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் க்னுட் ஆங்ஸ்ட்ரம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று அவர் நாட்டுக்காரரான அர்ஹீனியஸ் 1896-இல் கணக்குப் போட்டிருந்தார். ஆங்ஸ்ட்ரமின் உதவியாளர் ஒரு குழாயில் அந்த வாயுவை அடைத்து வெப்பக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும், அது உறிஞ்சிய அளவு பெரிதாக மாறவில்லை. இருக்கும் வாயுவே போதும், மேலும் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு பல பத்தாண்டுகள் நிலைத்தது.

குழாய்ச் சோதனை பொய்யில்லை. 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டித் தரை வீசும் கதிரில் பெரும்பகுதி, மேலே நூறு மீட்டர் போவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. என் வெள்ளைக் கோட்டை ஒரு சுவர் என்று எண்ணினால் அது அடைபட்ட சுவர்தான். ஆனால் பூமி குளிர்வது தரைமட்டத்தில் நடப்பதில்லை. கதிர் காற்றுக்குக் காற்று கைமாறி மேலே போய், ஓர் உயரத்தில் வாயு மெலிந்ததும் தடையின்றி விண்வெளிக்குத் தப்புகிறது. அந்த உயரத்துக் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அந்த அளவுதான் பூமி வெப்பத்தை வெளியே விடமுடியும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பூமி உறிஞ்சுவது 240 வாட். அதே 240 வாட்டை வெளியே விட்டால்தான் கணக்கு நேராகும். 240 வாட் வீசும் பொருளின் வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸ். தரையின் சராசரியோ 15 பாகை. மேலே போகப்போக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 பாகை குறைகிறது. கொடைக்கானல் ஏறியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். 15-லிருந்து மைனஸ் 18-க்கு 33 பாகை இறங்க 5 கிலோமீட்டர் ஏறவேண்டும். ஆக, விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமி சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கதிர்வீசுவதாகத் தெரியும்.

இப்போது கார்பன் டை ஆக்சைடை இரு மடங்காக்குங்கள். வாயு கூடியதால், கதிர் தப்பும் உயரம் சுமார் 150 மீட்டர் மேலே போகிறது. அங்கே காற்று ஒரு பாகை குளிர்ந்தது. குளிர்ந்த காற்று குறைவாக வீசும் என்றேனே, அதனால் வெளியே போகும் 240 வாட்டில் ஏறக்குறைய 4 வாட் குறைகிறது. உள்ளே வரும் வெயில் குறையவில்லை. மிச்சம் கீழே சேர்ந்து, புதிய உயரத்திலும் மைனஸ் 18 ஆகும் வரை கீழ் வளிமண்டலம் முழுவதும் சூடாகிறது. தரையும் ஒரு பாகை ஏறுகிறது. சூடான காற்றில் நீராவி கூடும், அதுவும் பசுமை இல்ல வாயு. அதுவும் மற்ற விளைவுகளும் சேர்ந்து ஏற்றத்தை 3 பாகை அளவுக்குக் கொண்டுபோகும் என்பது இன்றைய மதிப்பீடு. அம்மா, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சுவர் அடைபட்டதால் ஒன்றும் கூடாது என்பது சரியில்லை. வெப்பம் வெளியேறும் வாசல் மேலே, குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுகிறது.

இந்த 5 கிலோமீட்டரும் ஒரு சராசரிதான். 10 மைக்ரான் அருகே தெளிந்த வானத்தில் தரையின் கதிரே நேராக வெளியே போகிறது. 15 மைக்ரான் நடுவில் அடுக்கு மண்டலத்திலிருந்து போகிறது. நான் இப்போது சொன்னதும் எளிமையாக்கிய படம்தான். ஆனால் இந்தப் படத்தைக் கொண்டு ஒரு முன்கணிப்புச் செய்து சோதித்துப் பார்க்க முடியும். என் வெள்ளைக் கோட்டை வைத்து அது முடியாது. 1967-இல் காலநிலை அறிவியலாளர்கள் மனாபேயும் வெதரால்டும் காற்றை அடுக்கடுக்காகப் பிரித்துக் கணக்கிட்டபோது, கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழ் வளிமண்டலம் சூடாகும், அடுக்கு மண்டலம் குளிரும் என்று வந்தது. சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும். பிறகு பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்ததில் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும்தான் தெரிந்தன. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவையும் படித்துக்கொண்டு ஜூன் மாதம் பள்ளிக்குப் போனேன். அந்தப் பாடம் வந்தது. வெள்ளைக் கோட்டைப் போட்டேன். பொதுத்தேர்வுக்குப் போகிற பிள்ளைகள், விடைக்குறிப்புக்கு மாறாகச் சொல்லிக்கொடுத்து மதிப்பெண் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே கிடையாது. புதிதாகச் சொன்னால் புதிய கேள்விகள் வரும், அவற்றுக்கும் பதில் தெரியாமல் நிற்க நேரிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் ஆறு வருடம் போயிற்று. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் புகுந்து பூமி சூடாகிறது என்று பிள்ளைகள் எழுதியபோதெல்லாம் சிவப்பு மையால் அடித்தேன். வானத்தில் ஒரு தகடு இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவன் நான். தகடு என்றால் ஓட்டை இருக்கும் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தவறு?

ஓய்வு பெற்றுவிட்டேன். கரும்பலகை என் கையில் இல்லை. இந்தப் பாடத்தை எடுக்கிற ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அம்புகளைப் போடுங்கள், அந்தக் கோட்டைப் போடாதீர்கள். காற்று முழுவதும் புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாப் பக்கமும் அம்பு போகட்டும், மேலே போகப்போக அம்பு சிறுக்கட்டும். அந்தப் பெண் அரையாண்டுத் தேர்வில் வரைந்தது ஏறக்குறைய அந்தப் படம்தான். அவளுக்கு ஒரு மதிப்பெண் நான் தரவேண்டும்.