"தாத்தா செய்தாங்க"

நம்ம தம்மம்பட்டி மரச்சிற்பத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தெருக்காரச் சிற்பி ஒருவர் சிலையோடு வைத்துக் கொடுக்க ஒரு பத்தி எழுதி வந்து, "சார், பார்த்துக் கொடுங்க" என்றார். அது இதுதான்:

"எங்க தாத்தா வாகை மரத்தில் சிலை செய்தாங்க. அவர் உளியைப் பிடித்தால் வீட்டில் யாரும் பேசமாட்டாங்க. அவர் செய்த ரெண்டு குதிரைகள் வெளியூர்க் கோயிலுக்குப் போச்சு. 'நார் போற பக்கம்தான் உளி போகணும்'னு சொல்லுவார்."

எழுதியவருக்கு இந்தக் கலப்பு தெரியாது. படிக்கும்போது நம் நாக்கே அதைச் சரிசெய்துகொள்ளும். அதனால் நான் வாய்விட்டுப் படிப்பதில்லை; வாக்கியம் முடியும் சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். செய்தாங்க, பேசமாட்டாங்க, போச்சு, சொல்லுவார். மூன்று பேச்சு, ஒன்று எழுத்து. "செய்தாங்க"வுக்குள்ளேயே கலப்பு இருக்கிறது: "செய்த்" எழுத்து, "ஆங்க" பேச்சு. பேச்சானால் அது "செஞ்சாங்க".

இனி திருத்தம். "ஆங்க" என்று வந்த இடமெல்லாம் "ஆர்கள்" என்று போட்டால் போச்சு! பேச்சில் "ஆங்க" ஒருவருக்கு மரியாதையாகவும் வரும், பலருக்கும் வரும். எழுத்தில் இரண்டும் பிரியும். தாத்தா ஒருவர், ஆகவே "செய்தார்". வீட்டில் உள்ளவர்கள் பலர், ஆகவே "பேசமாட்டார்கள்". "போச்சு"வும் அப்படியே. ஒன்றானால் "போனது", குதிரைகள் இரண்டு என்பதால் "போயின". யார், எத்தனை என்று கேட்காமல் கை வைக்க முடியாது.

சிற்பி ஒப்பவில்லை. "தாத்தாவை 'செய்தார்'னா மட்டு மரியாதை இல்லாத மாதிரி இருக்கே சார்?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எழுத்திலும் "தாத்தா அவர்கள் செய்தார்கள்" என்பது வழக்கில் உள்ளதுதான். ஆனால் அதை எடுத்தால் "அவர்" எல்லாம் "அவர்கள்" ஆகவேண்டும், "சொல்லுவார்" "சொல்லுவார்கள்" ஆகவேண்டும். வெளியூர்க்காரர் படித்தால் சிலை செய்தது ஒரு ஆளா, ஒரு கூட்டமா என்று குழம்புவார். முழுக்கப் பேச்சிலேயே எழுதலாம் என்றும் சொன்னேன், கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சில் எவ்வளவு எழுதியிருக்கிறார்! கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிலைக்காரன் ஒருத்தர்னு தெரியணும். 'ஆர்'ரே இருக்கட்டும்" என்றார்.

தாத்தாவின் வாய்ச்சொல்லை மட்டும் தொடவில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பது அவர் பேசியது. "போகிற", "வேண்டும்" என்று மாற்றினால் அது அவர் குரலாக இராது. குறிக்கு வெளியே நிற்கும் "னு" மட்டும் "என்று" ஆனது. சிலையோடு போன தாள் இது:

"எங்கள் தாத்தா வாகை மரத்தில் சிலை செய்தார். அவர் உளியைப் பிடித்தால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அவர் செய்த இரண்டு குதிரைகள் வெளியூர்க் கோயிலுக்குப் போயின. 'நார் போற பக்கம்தான் உளி போகணும்' என்று சொல்லுவார்."