மணம் போயிட்டு, ஆனா காத்து?

எங்கட வீட்டில் ஒரு த்ரீடி பிரிண்டர் இருக்கிறது. மச்சானுடையது. எங்கட ஊரில் கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மச்சான் வந்தார், கூடவே பிரிண்டரும் வந்தது.

வீடு என்றால் சுனாமிக்குப் பிறகு கல்முனையில் கட்டிய தொடர்மாடியில் மூன்றாம் மாடி. ரெண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. பிரிண்டர் இருக்கிற அறை பத்தடிக்குப் பத்தடி. அதிலதான் மச்சானும் ராத்தாவும் தூங்குவாங்க.

முதலில் அவர் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில்தான் அடித்தார். பெரிசா மணமே இல்லை. பிரச்சினை வந்தது ஆட்டோக்காரர்களால. ஆட்டோவில் போனை மாட்டி வைக்கிற ஹோல்டருக்கு நல்ல ஓடர். ஆனால் பிஎல்ஏ 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். மத்தியான வெயிலில் நிறுத்தி வைத்த ஆட்டோவின் கண்ணாடிக்குப் பின்னால் அது மெழுகு மாதிரி வளைந்துபோனது. அதனால் மச்சான் ஏபிஎஸ்ஸுக்கு மாறினார். வீட்டுக்கு வெளியே, வெயிலில் கிடக்கிற கெமரா ஸ்டாண்ட் மாதிரிச் சாமான்களுக்கு ஏஎஸ்ஏ. இது ஏபிஎஸ்ஸின் ஒன்றுவிட்ட சகோதரன். சூட்டையும் தாங்கும், வெயிலில் இலேசில் மங்கவும் மாட்டாது. ரெண்டையும் 240, 250 பாகையில் உருக்க வேண்டும். அப்பதான் அந்த மணம் வருகிறது.

"என்ன மனே இது, சட்டி கருகின மாதிரி மணக்கிது?" என்று உம்மா கேட்டபோது ராத்தாவுக்கு எட்டு மாசம். பிள்ளை பிறந்து நாப்பது கழியுமட்டும் தாயும் பிள்ளையும் அந்த அறைக்குள்ளதான். நான் ஒலுவிலில் கலைப் பீடத்தில் படிக்கிறவன், வேதியியலுக்கும் எனக்கும் ஓ லெவலோடு உறவு முறிந்தது. ஆனாலும் "கெம்பஸ்ல படிக்கிறாய்தானே, என்னண்டு பாரு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன்.

முதலில் விளங்கினது, பிரிண்டரிலிருந்து ரெண்டு வேறு வேறு சாமான் வெளியே வருகிறது என்பது. ஒன்று வாயு. ஏபிஎஸ், ஏஎஸ்ஏ ரெண்டு பேரிலும் இருக்கிற 'எஸ்' ஸ்டைரீன். உருகும்போது அதில் கொஞ்சம் ஆவியாகும். நமக்கு மணப்பதில் பெரிய பங்கு அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018 இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் அதிகமுள்ள பொருட்களின் வரிசைக்கு மாற்றியது. அந்தக் கவலை பெரும்பாலும் தொழிற்சாலைகளில் வருசக்கணக்காக நிறையச் சுவாசிக்கிறவர்களைப் பற்றியது, நம்மட அறையில் வருவது அதைவிட நிறையக் குறைவு. மற்றது துகள். இதற்கு மணமில்லை, நிறமில்லை. ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கான துகள்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகக்கூடியது.

2013 இல் சிக்காகோவின் இலினோய் தொழில்நுட்பக் கழகத்தில் இதை அளந்தார்கள். ஏபிஎஸ் அடிக்கிற மேசைப் பிரிண்டர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 20,000 கோடி துகள்களை விட்டது. பிஎல்ஏ அதில் பத்தில் ஒன்று. பிறகு வந்த அளவீடுகளில் கம்பனிக்குக் கம்பனி, நிறத்துக்கு நிறம், சூட்டுக்குச் சூடு இது நிறைய மாறுகிறது. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கட அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 25 கன மீட்டர். ஜன்னல் பூட்டி, ஒன்றும் வெளியே போகாது என்று வைத்தால், ஒரு சீனிக்கட்டி அளவு காற்றுக்குள் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 8,000 துகள் புதிதாகச் சேரும். ஒரு ஹோல்டர் அடிக்க நாலு மணித்தியாலம்.

மச்சான் இதற்கு நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "உம்மா மீன் பொரிச்சாலும் இதெல்லாம் வரும்தானே?" வரும். சமையலிலும் இந்த அளவுக்குத் துகள் எழும். ஆனால் மீன் இருபது நிமிடத்தில் பொரிந்துவிடும், குசினிக்குக் கதவும் ஜன்னலும் இருக்கு, பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரித்துத் தூங்குவதில்லை.

அவர் யோசிக்கத் தொடங்கினது இந்தக் கணக்கால் இல்லை, டொரொன்டோவில் நடந்த ஒரு சம்பவத்தால. அங்குள்ள மருத்துவர்கள் 2017 இல் அதைப் பதிப்பித்தார்கள். 28 வயசு, சொந்தமாகத் தொழில் செய்கிறவர். சின்ன வயசில் இழுப்பு இருந்து எட்டு வயசுக்குள் முழுசா மாறினவர். ஏறத்தாழ 3,000 கன அடி இடத்தில் பத்துப் பிரிண்டர்களை வைத்து ஏபிஎஸ் அடித்தார். பத்தாம் நாள் நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டு, இருமல். மூன்று மாதம் கழித்துப் பிரிண்டர்களைக் குறைத்து, பிஎல்ஏக்கு மாறி, துகளுக்கும் வாயுவுக்குமாக வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வைத்தார். மெல்ல மெல்லக் குணமாகி, கடைசியில் பரிசோதனையும் சாதாரணமானது. அவருக்கு ஒரு பிரிண்டருக்கு 300 கன அடி. எங்களுக்கு ஒரு பிரிண்டருக்கு 900. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அவர் அங்கே தூங்கவில்லை. மச்சானுக்கும் சின்னதில் இழுப்பு இருந்தது என்று ராத்தா அப்பதான் சொன்னா.

"பேன் போட்டிரிக்கிதானே" என்பதுதான் எல்லாரும் சொல்கிற பதில். சீலிங் பேன் இருக்கிற காற்றையே சுத்திவிடும், ஒரு துகளையும் வெளியே அனுப்பாது. சுவரில் மாட்டுகிற சாதாரண ஏசியும் அப்படித்தான். அறைக் காற்றை இழுத்து, குளிராக்கி, அதையே திருப்பி விடுகிறது. ஏசிக்காக ஜன்னலை வேறு பூட்டுவோம், அது இன்னும் மோசம்.

கரி வடிகட்டி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் மணம் குறையும் என்பது உண்மை. ஆனால் கரி பிடிப்பது வாயுவை மட்டும். துகளைப் பிடிக்க ஹெப்பா வடிகட்டி வேணும், அது வாயுவைப் பிடிக்காது. கரி மட்டும் வைத்து "மணமே இல்ல" என்று சந்தோசப்படுகிறவர் ஆபத்தை அறிவிக்கிற மணியை மட்டும் நிப்பாட்டியிருக்கார். அதோடு கடற்கரை ஈரக்காற்றில் கரி தண்ணீரையும் பிடித்து வைப்பதால் வாயுவுக்கு இடம் குறைந்துவிடும். திரும்ப மணம் வந்தால் மாற்றவேணும். மலிவாகக் கிடைக்கிற காற்று மீட்டர்களையும் நம்ப ஏலாது. அவை வெளிச்சத்தைச் சிதறவைத்து அளப்பவை, இந்தளவு சின்னத் துகள் பெரும்பாலும் அவற்றின் கண்ணில் படாது. பச்சை லைட் எரியும், அறை நிறைஞ்சிருக்கும்.

அப்ப ஜன்னலைத் திறந்தால் சரிதானே? இங்கதான் சிக்கல். ஏபிஎஸ்ஸுக்குக் காற்றுப் படக்கூடாது. சூடாக அடித்த ஒரு படை ஆறும்போது சுருங்கும், சீராக ஆறாவிட்டால் மூலைகள் மேலே கிளம்பும், நடுவில் வெடிப்பும் விழும். கடற்காற்று நேரே அடிக்கிற அறையில் மச்சானின் ஹோல்டர்கள் வாழைப்பழத் தோல் மாதிரிக் கிளம்பின. அதனால்தான் ஏபிஎஸ் அடிக்கிறவர்கள் ஜன்னலைப் பூட்டுகிறார்கள். சாமானுக்கு அசையாத சூடான காற்று வேணும், ஆளுக்கு ஓடுகிற காற்று வேணும். ரெண்டையும் ஒரே அறையில் கொடுக்க ஏலாது. பிரிண்டருக்குத் தனியாக ஒரு சின்ன அறை கட்டினால் ஏலும்.

மச்சான் பலகைச் சட்டமும் கண்ணாடிக் கதவுமாக, அரை மீட்டரைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி செய்தார். பின்பக்கம் மேலே கம்பியூட்டரின் சின்னப் பேன் ஒன்று. அதிலிருந்து நாலு அங்குலச் சுருள் குழாய் ஜன்னலுக்கு. ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, ஓட்டை போட்ட பிளைவூட் பலகையை மாட்டினோம். குழாயின் வெளிமுனை கீழ்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும், மழை உள்ளே வராமல்.

பேனை முழு வேகத்தில் விட்டால் பெட்டி குளிர்ந்து திரும்பவும் மூலை கிளம்பும். அவ்வளவு வேகம் தேவையும் இல்லை. பெட்டியின் இடுக்குகள் வழியாகக் காற்று உள்ளே மட்டும் போகிறளவுக்கு மெல்லிய இழுவை போதும். அதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், ஊதுபத்தி போதும். கொளுத்தி, கதவு இடுக்குப் பக்கம் பிடித்தால் புகை உள்ளே வளைய வேணும். வெளியே தள்ளினால், அல்லது நேரே மேலே போனால், பேன் வேகத்தை ஒரு படி கூட்ட வேணும். அடித்து முடிந்ததும் கதவைத் திறக்காமல் பேனை முழு வேகத்தில் இருபது நிமிடம் விடவேணும். இல்லாட்டி உள்ளே சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் முகத்துக்கு வரும்.

ஊதுபத்தி வேறு ஒரு விசயத்தையும் காட்டியது. காலையில் எல்லாம் சரி. பகல் மூன்று மணிக்குப் பார்த்தால் புகை இடுக்கால் வெளியே வருகிறது. எங்கட அறை ஜன்னல் கிழக்கே, கடலைப் பார்த்தது. பகலில் கடற்காற்று அதற்கு நேரே அடிக்கும். அந்தச் சின்னப் பேனால் அதை எதிர்த்துத் தள்ள ஏலாது. இரவில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், அப்ப அதே ஜன்னல் சரி, ஆனால் இரவில்தான் ஆட்கள் அறைக்குள்ள. கச்சான் வீசுகிற மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்றால் பகலிலும் கணக்கு மாறும். கடைசியில் பெட்டியை மேற்குப் பக்கக் குசினி மூலைக்கு மாற்றினோம். கடற்காற்று வீட்டுக்குள் கிழக்கால் வந்து மேற்கால் போகும், ஆகவே பகலில் பிரிண்டர் காற்றின் கடைசித் தரிப்பில் இருக்கும். பகலில் மட்டும் அடிப்பது, தொடங்க முன்னம் ஒரு ஊதுபத்தி, கச்சான் பலமா இருந்தால் அன்றைக்கு அடிப்பதில்லை.

உம்மா குழாயின் வெளிமுனையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "இது பக்கத்து வீட்டு மாமிட உடுப்புக் காயப்போடுற இடம்தானே?" தொடர்மாடியில் ஒருவருக்கு வெளியே என்பது இன்னொருவருக்கு உள்ளே. குழாயை மேலும் ஆறடி நீட்டி, மாமிட ஜன்னலைத் தாண்டி மொட்டை மாடி விளிம்புவரை கொண்டுபோனார் மச்சான். குழாய் நீண்டதால் இழுவை குறைந்தது, பேனை இன்னும் கொஞ்சம் பெரிசாக்க வேண்டி வந்தது.

இவ்வளவும் செய்தாலும் இடுக்கு வழியாக ஒன்றுமே வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறந்த பிள்ளை அறைக்குள் கிடக்கும்போது அந்தக் கொஞ்சத்தையும் ஏன் வைக்கணும் என்பது ராத்தாவின் கேள்வி. மச்சானிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. நாப்பது முடியுமட்டும் ஏபிஎஸ்ஸும் ஏஎஸ்ஏயும் இல்லை என்று முடிவானது. ஆட்டோ ஹோல்டர்களை பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் அடிக்கிறார். அது 80 பாகைக்குக் கிட்டத் தாங்கும், துகளும் பொதுவாகக் குறைவு. கெமரா ஸ்டாண்ட் கேட்ட ரெண்டு கடைக்காரர்களில் ஒருவர் காத்திருக்கிறார், மற்றவர் இரும்புக்குப் போய்விட்டார்.