நான் எழுதிய தலைப்பு

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில், விற்பனைச் செயலியில் போடும் பொருளுக்குப் போனிலேயே நேர்மையான தலைப்பு எழுதுவது எப்படி என்று அரைமணி நேரம் பேச ஒப்புக்கொண்டேன். அந்தப் பேச்சுக்கு மாதிரியாக நான் காட்டியது என் சொந்தத் தலைப்பு. அது பொய் என்று தெரிந்துதான் காட்டினேன். நன்றாக விற்ற தலைப்பு அது, அதை இழக்க மனமில்லை.

"உடன்குடி ஒரிஜினல் ஆர்கானிக் சுகர் ஃப்ரீ பனங்கருப்பட்டி 1 கிலோ." திரையில் இதைக் காட்டியதும், பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான். "அண்ணே, நீங்க சாயல்குடியிலதான வாங்குறீங்க?"

அவன் சித்தப்பா பனையேறி. நான் சரக்கெடுப்பதை அவன் பார்த்திருக்கிறான். பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று தயாரித்துப் போன பேச்சை விட்டுவிட்டு, அந்தத் தலைப்பையே சொல் சொல்லாகப் பிரித்தோம்.

உடன்குடி தூத்துக்குடி மாவட்டம், சாயல்குடி ராமநாதபுரம் மாவட்டம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அங்கே காய்ச்சுகிறவர்களின் உழைப்புக்கு உரியது. சாயல்குடிச் சரக்கும் நல்ல சரக்குதான், அதன் பெயரிலேயே விற்றிருக்கலாம். விலை கூடக் கிடைக்கும் என்றுதான் ஊரை மாற்றினேன்.

ஆர்கானிக் என்று போட என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா சான்று வேண்டும். பனைக்கு யாரும் உரம் போடுவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கையில் காகிதம் எதுவும் இல்லை.

சுகர் ஃப்ரீ என்பதுதான் என்னை இப்போதும் உறுத்துகிறது. கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் இருக்கிற அதே பொருள். சர்க்கரை நோய் உள்ளவர் அந்தச் சொல்லை நம்பித் தினமும் காபியில் போட்டால் உடம்புக்குக் கெடுதல். நோய்க்கு நல்லது என்று விளம்பரம் செய்வதோ சட்டத்துக்கே புறம்பானது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில் விளம்பரம் தடைசெய்யப்பட்ட நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சுகர் ஃப்ரீ என்ற சொல்லை நான் யோசித்துக்கூட எழுதவில்லை. வேறொரு விற்பனையாளரின் தலைப்பை விரலால் அழுத்திப் பிடித்து, நகலெடுத்து ஒட்டினேன். போனில் பொய் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது என்று அவர்களிடம் சொன்னேன்.

1 கிலோவும் சரியில்லை. ஓலைக்கொட்டானோடு சேர்த்து நிறுத்திருந்தேன். நிகர எடை என்றால் கொட்டான் நீங்கலான எடை. மன்றத்து மளிகைத் தராசில் கொட்டானை ஒதுக்கிவிட்டுக் கருப்பட்டியை மட்டும் வைத்தோம், 920 கிராம் காட்டியது.

பிறகு அவர்களே ஒரு முறை வகுத்தார்கள். தலைப்பு அடிப்பதற்கு முன் மூன்று படம் எடுக்க வேண்டும்: பொருள், தராசின் முள் அல்லது எண் தெரியும் எடை, இருக்கிற சான்றும் சரக்கு வாங்கிய சீட்டும். தலைப்பில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் படங்களில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாத சொல் போகும். போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரிந்து மீதி வெட்டுப்படுவதால், பொருளும் ஊரும் எடையும் முன்னால் வர வேண்டும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்தால் எண்களைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். "பனங்கருப்பட்டி, சாயல்குடி, 920 கிராம், சிரட்டை அச்சு" என்பது அன்று வந்த தலைப்பு.

"சுத்தமான" என்று சேர்க்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். அங்கேதான் நான் மறைத்திருந்த கடைசி விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. பதநீர் குறைந்த சமயத்தில் வந்த ஒரு சரக்கு வழக்கத்தைவிட விலை குறைவாக இருந்தது. காய்ச்சிய அம்மாவிடம் கேட்டேன். "சீனி போட்டதுதான்யா" என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்ன உண்மையை நான் வாங்குபவரிடம் சொல்லவில்லை. அந்தச் சரக்கையும் பனங்கருப்பட்டி என்றே விற்றேன்.

இப்போது தலைப்பை மாற்றிவிட்டேன். விற்பனை குறைந்திருக்கிறது. முன்பு வாங்கியவர்களின் எண்களைச் செயலி எனக்குக் காட்டுவதில்லை. பொருளின் விவரப் பகுதியில், முந்தைய தலைப்பு தவறு, இதில் சர்க்கரை உண்டு, கேட்டால் பணம் திருப்பித் தருகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். சுகர் ஃப்ரீ என்று நம்பி வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப அந்தப் பக்கம் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.