ஒரு வரிக்கு ஒரு வேலை

கோவை குறிச்சிப் பக்கம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஏர் கம்ப்ரஸர் பட்டறை. மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து, அதே கம்ப்ரஸர்களின் பராமரிப்புக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழ், இந்தி, கன்னடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அகராதியும் கையுமாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். மேசைகளில் இருந்தவை எல்லாம் ஆங்கிலத் தாள்கள், வரிக்கு வரி சிவப்புக் கோடு.

“மொழிபெயர்ப்பு அப்புறந்தாங்க. முதல்ல இங்கிலீஷைச் சுத்தம் பண்ணணும்” என்றார் தொகுப்பாசிரியை. ஐடிஐயில் ஃபிட்டர் பயிற்சி கொடுத்தவர். வாக்கியத்தைப் படிக்கும்போதே கை ஸ்பேனர் பிடிப்பதுபோல் அசைகிறது.

அன்று அவர் மேசையில் இருந்தது ஸ்குரூ கம்ப்ரஸரில் ஆயில் ஊற்றும் பக்கம். ஒரே ஆங்கில வாக்கியம். பொருள் ஏறத்தாழ இது: கம்ப்ரஸரை நிறுத்தி, அழுத்தம் வெளியேறியபின், மீதம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு ஆயில் மூடியை மெதுவாகத் தளர்த்தி, தேவைப்பட்டால் பரிந்துரைத்த ரகத்தை மட்டும் அளவுவரை நிரப்பி, ஓ-ரிங்கை ‘ரீப்ளேஸ்’ செய்யவும்.

படிக்கும்போது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் கடைசிச் சொல்லில் பென்சிலை வைத்தார். கழற்றிய ரப்பர் வளையத்தையே திரும்பப் போடுவதா, புதியது போடுவதா? ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டுக்கும் ஓடும். தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். தமிழ்க்காரர் புதியது என்றும் கன்னடக்காரர் பழையது என்றும் எடுத்துக்கொண்டால் இருவரின் மொழியிலும் பிழை இருக்காது. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு கையேடுகள் வந்துவிடும், அவ்வளவுதான். அதனால்தான் சந்தேகத்தை மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகும் முன்பே மூலத்தில் தீர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து ‘அழுத்தம்’. எந்த அழுத்தம்? ஆயில் இருக்கும் டேங்குக்கும் காற்று வெளியே போகும் குழாய்க்கும் நடுவில் ஒரு வால்வு உண்டு. குறைந்தபட்ச அழுத்தத்தைக் காக்கும் அந்த வால்வு, காற்றைத் திரும்பி வரவும் விடாது. ஆகவே வெளிக்குழாய் கேஜ் பூஜ்யம் காட்டினாலும் டேங்குக்குள் அழுத்தம் இருக்கலாம். இயந்திரம் நின்றதும் டேங்கைத் தானாகக் காலிசெய்ய வேண்டிய புளோடவுன் வால்வு சிக்கிக்கொண்டால் அதுதான் நடக்கும். அப்போது மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிக்கும் ஆயில் தெறிக்கும். ‘உறுதிசெய்துகொண்டு’ என்று எழுதிய பொறியாளருக்கு எப்படி உறுதிசெய்வது என்று தெரியும். படிப்பவருக்கு வாக்கியம் அதைச் சொல்லவில்லை.

‘அளவு’ என்பதும் அப்படியே. ஓடும்போது ஆயில் சுற்றில் பரவியிருப்பதால் கண்ணாடியில் மட்டம் தாழ்ந்து தெரியும்; நின்று சற்று நேரம் ஆனால் திரும்பி வந்து ஏறும். நின்றபின் பார்க்கவேண்டிய கோட்டை ஓடும்போது பார்த்தவர், குறைகிறது என்று கூடுதலாக ஊற்றிவிடுவார். அந்த உபரி காற்றோடு கலந்து குழாய்க்குள் போகும். எந்த நிலையில் பார்ப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதை மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக் கூடாது.

மூன்று கேள்விகளும் வடிவமைப்புப் பொறியாளருக்குப் போயின. பதில்கள் வந்தபின் வாக்கியத்தைத் துண்டாக்கினார்கள். எளிமையாக்கினால் சுருங்கும் என்பது என் எண்ணம். நீண்டுவிட்டது.

கம்ப்ரஸரை நிறுத்தவும்.
மெயின் சுவிட்சை ஆஃப் செய்யவும்.
சுவிட்சில் பூட்டுப் போடவும்.
ஆயில் டேங்க் கேஜ் 0 காட்டும்வரை காத்திருக்கவும்.
ஆயில் மூடியை ஒரு சுற்று மட்டும் தளர்த்தவும்.
காற்றுச் சத்தம் கேட்டால், அது அடங்கும்வரை மேலும் தளர்த்தக் கூடாது.
மூடியைக் கழற்றவும்.
பரிந்துரைத்த ரக ஆயிலை மட்டும் மேல்கோட்டைத் தொடும்வரை ஊற்றவும்.
பழைய ஓ-ரிங்கைக் கழற்றவும்.
புதிய ஓ-ரிங்கைப் பொருத்தவும்.
மூடியை இறுக்கவும்.

கடைசி வரி பழைய வாக்கியத்தில் கிடையவே கிடையாது. வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான், மூடியைத் திரும்பப் போடச் சொல்ல மறந்தது தெரிந்தது.

இந்த முறைக்குப் பின்னால் விமானத் துறை இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மெக்கானிக்குகள் பராமரிப்பு ஏடுகளைப் படிக்கத் திணறுகிறார்கள் என்று 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் முறையிட்டதில் தொடங்கி, 1986இல் ‘எளிய ஆங்கில’ வழிகாட்டி வெளிவந்தது. இன்று அதன் பெயர் ASD-STE100. அனுமதித்த சொற்கள் ஏறத்தாழ 900. அதோடு அந்தந்தத் துறையின் கலைச்சொற்கள். செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். அங்கே ‘ரீப்ளேஸ்’ என்றால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுவது மட்டுமே. இதற்கும் முன்பே, 1970களின் தொடக்கத்தில், கேட்டர்பில்லர் நிறுவனம் 800 சொற்களுக்குச் சற்று மேலான ஓர் ஆங்கிலத்தை உருவாக்கி, மெக்கானிக்குகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்து மொழிபெயர்ப்பையே தவிர்க்கப் பார்த்தது. பிறகு அதைக் கைவிட்டது. பின்னாளில் அதே நிறுவனம் மொழிபெயர்ப்புக்கு ஏற்ற இன்னொரு கட்டுப்பாட்டு ஆங்கிலத்தை அமைத்தது.

விதிமீறலைப் பிடிக்க மென்பொருள் இருக்கிறது. நீளத்தை எண்ணும், விலக்கிய சொல்லைக் காட்டும். எந்த கேஜ் என்று மட்டும் அது கேட்காது. ‘அழுத்தம் இல்லை என்று சரிபார்க்கவும்’ என்று எழுதினால் சத்தமில்லாமல் விட்டுவிடும். சொல் நல்ல சொல், வாக்கியமும் குட்டை. விதிகளைக் கடைப்பிடித்தாலே போதும் என்று நம்பும் அலுவலகங்களில் இப்படிப்பட்ட பளபளப்பான மொட்டை வரிகள் நிறைய வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் தெளிந்தபின் தமிழும் தன் பங்குக்குச் சந்தேகம் கிளப்பும். ‘எண்ணெய் வடிகட்டி ஊற்றவும்’ என்றால் எண்ணெயை வடித்து ஊற்றுவது. ‘எண்ணெய் வடிகட்டி மாற்றவும்’ என்றால் ஒரு உதிரிபாகம். ஆகவே அவர்களின் பட்டியலில் பாகத்துக்குப் பெயர் ஃபில்டர். பட்டறையில் எல்லாரும் சொல்வதும் அதுதான். தூய தமிழ் வேண்டும் என்று கேட்டு ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டிருக்கிறார். ‘மாற்றவும்’ என்ற சொல்லையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கழற்றவும், பொருத்தவும் என்று இரண்டு வரிகளாக எழுதுகிறார்கள்.

மாலையில் அந்த ஆயில் பக்கத்தின் தமிழ்த் தாளைக் கீழே கொண்டுபோனோம். மூத்த மெக்கானிக் ஒருவர் படித்தபடியே வேலை செய்யவேண்டும். கை நிற்கும் இடத்தைத் தொகுப்பாசிரியை குறித்துக்கொள்வார். விளக்கம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு.

முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

“நிறுத்தறதுன்னா எந்தப் பட்டனுங்க மேடம்? ஸ்டாப்பா, செவப்புக் காளானா?”

“நீங்க எதை அண்ணே அமுத்துவீங்க?”

“நான் ஸ்டாப்பைத்தான் அமுத்துவேன். புதுப்பையன் இருந்தான்னா செவப்பைக் குத்திருவான். அது எமர்ஜென்சிங்க. லோடு எறங்காமயே டக்குனு நின்னுரும்.”

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் முதலில் சுமையில்லாமல் சற்று நேரம் ஓடி, பிறகு நிற்கும். எமர்ஜென்சி பட்டன் முழுச் சுமையில் இருக்கும்போதே மோட்டாரைத் துண்டித்துவிடும். மேலே நாங்கள் எல்லாரும் சரியென்று விட்ட வரி அது, மென்பொருளும் விட்டது.

தொகுப்பாசிரியை ‘ஸ்டாப் பட்டனை அழுத்தவும்’ என்று திருத்தினார். அடுத்த வரி: ‘மோட்டார் நிற்கும்வரை காத்திருக்கவும்.’ எமர்ஜென்சி பட்டனை ஆபத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லும் எச்சரிக்கை பக்கத்தின் மேலே ஏறியது. தமிழ்த் தாளில் திருத்தியதோடு அவர் நிறுத்தவில்லை. மாடிக்குப் போய் ஆங்கிலக் கோப்பைத் திறந்து அங்கேயும் மாற்றி, பதிப்பு எண்ணைக் கூட்டி, இந்திக்காரருக்கும் கன்னடக்காரருக்கும் பழைய முதல் வரியை விட்டுவிடும்படி எழுதி அனுப்பினார்.