வாப்பாவின் வாடகைக் கணக்கேடு

வாப்பா வஃபாத்தான பின்பு, நான்கு வீடுகளின் வாடகைக் கணக்கு என் பொறுப்பாயிற்று. அவர் வீட்டுக்கொரு பக்கம் ஒதுக்கி, தரவேண்டிய தேதி, வரவேண்டியது, வந்தது, நிலுவை என நான்கு கட்டங்கள் இட்டிருந்தார். அட்வான்ஸ் மட்டும் கடைசிப் பக்கத்தில், ‘திருப்பித் தரவேண்டியவை’ என்னும் தலைப்பின்கீழ் இருந்தது.

மாடி வீட்டு வாடகை 7,000 ரூபாய். ஜூன் மாதம் அவர் 4,000 மட்டுமே தந்திருந்தார். ஜூலையில் தந்த 7,000-ஐ நான் ‘ஜூலை வாடகை’ என்றெழுதி, நிலுவையில் சுழியம் இட்டேன். ஜூன் பாக்கி ஏட்டிலிருந்தே மறைந்தது. வாப்பாவோ பழைய நிலுவையை அடுத்த மாதத்தோடு கூட்டியே எழுதுவார்: வரவேண்டியது 10,000, வந்தது 7,000, நிலுவை 3,000.

ஜூலை இறுதியில் அவர் காலி செய்தார். அட்வான்ஸ் 50,000-ஐ முழுதாக எண்ணிக் கொடுத்தேன். அவரே 3,000-ஐப் பிரித்தெடுத்து, “ஜூன் பாக்கி, தம்பி” என்று நீட்டினார். நான் வெட்கித் தலைகுனிந்தேன். அவர் மறந்திருந்தால் நட்டம் எங்களுக்கு. அதே பிழை மறுபக்கம் நேர்ந்திருந்தால், பிறர் பணம் எங்கள் கையில் தங்கியிருக்கும்.

அடுத்து வந்தவரின் அட்வான்ஸை அன்றே கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அது எங்கள் வருமானமன்று. அவருக்கு நாங்கள் பட்ட கடன்.